வலது தோளுக்கான ரப்பர் பேண்ட் பயிற்சி: முதல் ஆறு வாரம்

நேற்று சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னபோது உங்கள் பின்தலை சுவரைத் தொடவே இல்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் நாள் முழுக்கக் குனிந்து பில் போடுகிறவருக்கு உடம்பு அப்படித்தான் பழகிப்போகும். நெஞ்சுத் தசை இறுகிவிட்டது. முதுகில் தோள்பட்டை எலும்பைப் பிடித்துவைக்கும் தசைகளுக்கு வலு போதவில்லை. அதனால்தான் மேல் ரேக்கிலிருந்து ஃபைல் எடுக்கும்போது தோள் சுருக்கென்கிறது.

உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டில், இழுக்க இருப்பதிலேயே இலகுவானதை வாங்குங்கள். நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திங்கள், புதன், வெள்ளி செய்தால் போதும். ஒவ்வொன்றும் 12 முறை, இரண்டு சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு.

முதலில் இழுப்பு. ஜன்னல் கம்பியில் தொப்புள் உயரத்துக்குப் பேண்டைக் கட்டி, இரு முனைகளையும் பிடித்து முழங்கையைப் பின்னால் கொண்டுபோங்கள். கையால் இழுப்பதாக நினைக்காமல், இரண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகெலும்புப் பக்கம் கொண்டுவருவதாக நினைத்துச் செய்யுங்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது.

அடுத்தது வெளிச்சுழற்சி. உங்களுக்கு மிக முக்கியமானது இதுதான், இதைத்தான் எல்லோரும் அவசரமாகச் செய்து கெடுக்கிறார்கள். கட்டிய பேண்ட் இடது பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வலது முழங்கையை 90 டிகிரி மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வையுங்கள். பேண்டை வலது கையில் பிடித்து, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளியே கொண்டுபோங்கள். துண்டு விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். வெளியே போக இரண்டு எண்ணிக்கை, திரும்பி வர நான்கு. பேண்ட் சடாரென்று இழுத்துக்கொள்ள விடாதீர்கள். அதைத் தடுத்துத் தடுத்து வரும்போதுதான் தோளை நிலைநிறுத்தும் சின்னத் தசைகள் வேலை செய்கின்றன. அப்புறம் இடது கைக்கும் செய்யுங்கள்.

மூன்றாவது, பேண்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து இரு பக்கமும் விரிப்பது. இடுப்பை வளைக்காதீர்கள்.

கடைசியாக, பேண்டை முதுகைச் சுற்றிப் போட்டு இரு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். கை நீண்ட பிறகு, முழங்கையை மடக்காமல் இன்னும் ஒரு இஞ்ச் தோளை முன்னால் தள்ளுங்கள். கூன் விழுந்திருக்கிறதே, முன்னால் தள்ளலாமா என்று நேற்றே கேட்டீர்கள். தள்ளலாம். தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிவைக்கும் தசைக்கு இதுதான் வேலை.

தசை இழுத்த மாதிரி இருந்தால் பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தினாலோ, கை மரத்துப்போனாலோ, ராத்திரி வலி எழுப்பினாலோ நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பேண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு பைக்கில் போவதை நிறுத்த வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் தோளைத் தூக்கிவைத்து ஓட்டாதீர்கள், மேலே ஏரி வந்ததும் இறங்கிக் கையை உதறிவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, பேண்டையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். 15 முறை சிரமமில்லாமல் வந்தால் அடுத்த பேண்டுக்குப் போகலாம்.