ஸ்வாட் பயிற்சித் தாள்: அகமா, புறமா?

நேரம் 40 நிமிடம். மொத்தம் 20 மதிப்பெண்.

மிதிவண்டித் தலைக்கவசம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று. 38 பேர் வேலை செய்கிறார்கள். மேலோட்டை வார்ப்பதிலிருந்து நாடா தைப்பது வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ். சரக்கு மொத்த வியாபாரிகள் வழியாகத்தான் போகிறது. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்காக ஆளுக்கு ஒரு வரி எழுதித் தரச் சொன்னார் நிர்வாகி. வந்தவற்றில் பத்து இவை:

1. நம் வடிவமைப்பாளர்கள் இருவருக்கும் 15 ஆண்டு அனுபவம்.
2. மிதிவண்டியில் வரும் மாணவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம் என்று சட்டம் வரப்போகிறது.
3. உள்நுரைக்கு ஒரே ஒரு சப்ளையரை நம்பி இருக்கிறோம்.
4. நுரையின் விலை எல்லாருக்கும் ஏறிக்கொண்டே போகிறது.
5. இணையத்தில் நேரடி விற்பனை தொடங்கலாம்.
6. வாங்கியவர்கள் நம் கவசத்தை நாலு பேருக்குச் சிபாரிசு செய்கிறார்கள்.
7. மோதல் சோதனை விதிகள் கடுமையாகின்றன, நம்மிடமோ சோதனைக் கருவியே இல்லை.
8. தையல் பிரிவில் ஆட்கள் நிற்பதில்லை.
9. நம் முக்கிய வார்ப்பு அச்சு அடுத்த ஆண்டுக்குத் தாங்காது.
10. போட்டி நிறுவனம் ஒன்று இந்தத் தொழிலை விட்டு விலகுகிறது.

கேள்வி 1. இவற்றில் ஏழு வரிகள் நேரானவை. அவற்றை முதலில் அகம், புறம் என்று பிரியுங்கள். அது முடிந்த பிறகுதான் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று பெயரிட வேண்டும். (7)

கேள்வி 2. மீதி மூன்றில் ஒன்று இரண்டு காரணிகளைச் சேர்த்துக் கட்டியது, ஒன்று காரணியே அல்ல, இன்னொன்றை இருக்கும் தகவலை வைத்து முடிவு செய்ய முடியாது. எது எது? ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்வீர்கள்? (9)

கேள்வி 3. 3, 4 இரண்டும் நுரையைப் பற்றியவை. பிறகு ஏன் ஒரே கட்டத்தில் வரவில்லை? (2)

கேள்வி 4. 1982-இல் ஹைன்ஸ் வைரிச் முன்வைத்த டோஸ் அணியில் அகக் காரணியைப் புறக் காரணியோடு இணைத்து உத்தி எழுதுவார்கள். ஒரு பலத்தையும் ஒரு வாய்ப்பையும் இணைத்து ஓர் உத்தி எழுதுங்கள். (2)

திருத்துபவருக்கு விடைக்குறிப்பு

கேள்வி 1: 1, 6 பலம். 3, 9 பலவீனம். 2, 10 வாய்ப்பு. 4 அச்சுறுத்தல். அகம், புறம் சரியாக இருந்து பெயர் மட்டும் தவறினால் அரை மதிப்பெண் கொடுக்கலாம். பெயர் தற்செயலாகப் பொருந்தி அகம், புறம் மாறியிருந்தால் ஒன்றும் கிடையாது.

சறுக்கும் இடங்கள் இரண்டு. வரி 6-இல் வாடிக்கையாளர்கள் வெளியே இருப்பவர்கள்தானே என்று சிலர் புறத்தில் போடுவார்கள். இந்த நிறுவனமே இல்லை என்று வைத்துக்கொண்டால் அந்த நற்பெயரும் இல்லை. அதனால் அது நிறுவனத்தின் சொத்து, அகம். சட்டமோ நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். வரி 9-இல் ‘அடுத்த ஆண்டு’ என்ற சொல்லே ஆளை ஏமாற்றும். வரப்போவதெல்லாம் அச்சுறுத்தல் ஆகாது. தேய்வது நம் அச்சு, மாற்றுவதும் நம் கையில்.

வரி 10-ஐ ‘நமக்குப் பலம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. விலகுவது அவர்கள், நாம் எதுவும் செய்யவில்லை.

கேள்வி 2: சேர்த்துக் கட்டியது 7. விதி கடுமையாவது புறம், அச்சுறுத்தல். கருவி இல்லாதது அகம், பலவீனம். இரண்டு வரியாக வெட்டினால் முழு மதிப்பெண். விதியை வாய்ப்பு என்று எழுதி, தரம் குறைந்த போட்டியாளர்கள் வெளியேறுவார்கள் என்று காரணம் சொன்னால் அதையும் ஏற்கலாம். எப்படிப் பார்த்தாலும் அது புறம்தான்.

காரணி அல்லாதது 5. ‘தொடங்கலாம்’ என்பது நாம் செய்யப்போகும் வேலை, அதாவது உத்தி. வாய்ப்புக் கட்டத்தில் அதிகமாக நுழையும் தவறு இதுதான், கண்டிப்பாகத் திருத்துங்கள். ‘தலைக்கவசத்தை இணையத்தில் வாங்குவோர் கூடிவருகிறார்கள்’ என்று மாற்றி எழுதினால் வாய்ப்பு.

முடிவு செய்ய முடியாதது 8. ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். நம் சம்பளமும் மேற்பார்வையும் சரியில்லை என்றால் பலவீனம். தையல் தெரிந்தவர்களுக்கே எங்கும் தட்டுப்பாடு, எல்லா நிறுவனங்களும் திணறுகின்றன என்றால் அச்சுறுத்தல். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பக்கம் சாய்ந்த விடைக்கு ஒரு மதிப்பெண் போதும்.

கேள்வி 3: ஒரே சப்ளையரோடு நிற்பது நம் முடிவு, நினைத்தால் மாற்றலாம். விலையேற்றம் சந்தையில் நடப்பது.

கேள்வி 4: உதாரணமாக 1-ஐயும் 2-ஐயும் இணைத்து, அனுபவமுள்ள வடிவமைப்பாளர்களைக் கொண்டு மாணவர்களின் தலை அளவுக்கேற்ற புதிய கவசம். வேறு இணைப்பும் சரி, இரண்டு பக்கமும் உண்மையிலேயே ஒன்று அகம், ஒன்று புறம் என்று இருந்தால்.