கோதை – செண்பகராஜ்: பந்திக்கு முன்னால் அஞ்சு நிமிஷம்

[மண்டப விளக்குகள் பாதி அணையும். திரையில் இருவர் பெயரும். மெல்லிய நாதஸ்வரம்.]

எல்லாருக்கும் வணக்கம். பந்தி தயாராகிக்கொண்டிருக்கிறது, சாம்பார் வாசனை எனக்கும் வருகிறது. அஞ்சு நிமிஷம் மட்டும் கொடுங்கள். பேசுவது பொண்ணோட தம்பி. அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

[கோதையின் சின்ன வயதுப் படங்கள்.]

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொண்ணுக்குக் கோதை என்று பேர் வைப்பது அதிசயமில்லை. எங்கள் தெருவிலேயே ஒன்றுக்கு மேல் உண்டு. அதில் ரேங்க் கார்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த கோதை எங்கள் அக்கா. இது ஆடிப்பூரத் தேரன்றைக்கு எடுத்தது. அப்பா தோளில் உட்கார்ந்து அழுகிறாள். தேரைத் தானும் இழுக்கணுமாம்.

[செண்பகராஜின் சின்ன வயதுப் படங்கள்.]

இவர் அத்தான். செண்பகவல்லி அம்மன் பேரை வைத்துச் செண்பகராஜ். கோவில்பட்டிப் பையன் என்பதற்கு அத்தாட்சி, கையில் ஹாக்கி மட்டை. முன்பல் இரண்டைக் காணோம். மேட்ச்சில் போனது என்று அத்தான் சொல்கிறார். மாடிப்படியில் விழுந்தான் என்று அத்தை சொல்கிறார்கள். நாம் அத்தை பக்கம்.

[சென்னை. எழும்பூர் ரயில் நிலையம், இரவு.]

சென்னை கிண்டியில் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ், வேற வேற மாடி. லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். 2022 தீபாவளி வந்தது. அக்காவுக்குப் பொதிகையில் வெயிட்டிங் லிஸ்ட். அத்தானுக்கு நெல்லையில் வெயிட்டிங் லிஸ்ட். கடைசிவரை இரண்டும் நகரவில்லை. ஆபீஸில் தெற்கே போகிற பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பரனூர் டோல்கேட்டைத் தாண்டுவது என்றால் சும்மாவா? வேன் நின்ற இடத்திலேயே நின்றது. பசி. அக்கா பையில் ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். கடலைமிட்டாய்.

அக்கா இரண்டு துண்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர் பால்கோவா மாதிரி வராது" என்றாள். வாங்கித் தின்றுவிட்டு இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேணும்.

அத்தான் விடவில்லை. "இதுக்குப் புவிசார் குறியீடே இருக்கு, தெரியும்ல?"

"எப்போ கிடைச்சுது?"

"2020."

"எங்களுக்கு 2019."

வேனில் இருந்த மற்ற எட்டுப் பேரும் தூங்கிவிட்டார்கள். இவர்கள் கரிசல் மண்ணுக் கடலை, பாகுப் பதம், விறகடுப்பில் பால் சுண்டுவது என்று திருச்சி வரைக்கும் பேசியிருக்கிறார்கள். விராலிமலைப் பக்கம் டீ குடித்தபோது எடுத்த படம் இது. முகத்தைப் பாருங்கள், சண்டை போடுகிறவர்கள் முகமா இது?

[இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள் வேகமாக ஓடும்.]

அப்புறம் நடந்ததெல்லாம் இந்தப் படங்களில் இருக்கிறது. பெரியவர்கள் இருக்கிற சபை, நான் வேகமாக ஓட்டிவிடுகிறேன்.

வீட்டில் முதலில் என்னிடம்தான் சொன்னாள். வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு புளூடூத் ஹெட்செட் வாங்கினேன். மூன்றே வாரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஹெட்செட்டைத் திருப்பித் தரவில்லை.

[ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு. முற்றத்தில் ஆச்சி.]

அத்தான் வீட்டார் முதன்முதலாக வந்த நாள். அப்பா வேலையைப் பற்றிக் கேட்டார், சம்பளத்தைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், பிடி மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் ஆச்சிக்கு இடது காது கேட்காது. வருகிறவர்கள் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அத்தான் கொஞ்ச நேரம் கவனித்தார். பேசாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆச்சியின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேச ஆரம்பித்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும் ஆச்சி அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"ஜாதகத்தை அப்புறம் பாத்துக்கலாம். தேதியக் குறிடா."

[நிச்சயதார்த்தம், இன்று காலை முகூர்த்தம்.]

குறித்த தேதிதான் இன்றைக்கு. காலையில் எங்கள் ஊரில் தாலி ஏறியது, சாயந்திரம் கோவில்பட்டியில் வரவேற்பு. வெயிலில் அங்கேயும் வந்து இங்கேயும் வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் இரண்டு குடும்பத்தின் சார்பிலும் நன்றி. முன்வரிசையில் ஆச்சி இருக்கிறார்கள். போய்ப் பேசுங்கள், வலது பக்கமாக.

அத்தான், ஒரே ஒரு விஷயம். அக்காவுக்குக் காலையில் காபி வரும்வரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மற்றதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

[விளக்குகள் எரியும். மணமக்கள் மேடையில்.]

சரி, சாப்பிட வாங்க. பந்தி இடது பக்கம், படி இறங்கினால் வரும். பெரியவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் முதல் பந்தியில் உட்காரட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வேன் ஒன்பதரைக்குக் கிளம்பிவிடும், அதில் போகிறவர்களும் இப்போதே உட்காருங்கள். இலையில் பால்கோவாவும் இருக்கும், கடலைமிட்டாயும் இருக்கும். யார் எதை முதலில் எடுக்கிறீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.