பராமரிப்புக் கட்டண நினைவூட்டல்: குடியிருப்பாளர்களுக்கு அறிவிப்பு

செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களுக்கு வணக்கம்.

வரும் மாதம் முதல், ஒவ்வொரு மாதமும் 8-ஆம் தேதி காலையில், கணக்கில் பாக்கி காட்டும் வீடுகளுக்கு மட்டும் கணினியே வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பும். யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. ஆகவே காவலாளியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செய்தியில் வீட்டு எண், பராமரிப்புக் கட்டணம், அதில் 10 விழுக்காடாகச் சேரும் சேமநிதி, பழைய பாக்கி ஆகியவை தனித்தனியே இருக்கும். மாதக் கட்டணம் 180 ரிங்கிட் என்றால் சேமநிதி 18, மொத்தம் 198 ரிங்கிட். முதலில் வீட்டு எண்ணைப் பாருங்கள். சோதனையின்போது பி-7-3 வீட்டார் பணம் கட்டும்போது பி-3-7 என்று குறிப்பிட்டுவிட்டார். பணம் அடுத்தவர் கணக்கில் சேர்ந்தது, நினைவூட்டல் இவருக்குப் போனது.

6-ஆம் தேதிக்குப் பிறகு செலுத்திய பணம் கணக்கில் ஏறியிருக்காது. அப்படியானால் செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்.

மற்றபடி தவறு இருந்தால், 14 நாளுக்குள் தரைத்தள அலுவலகத்தில் ஆட்சேபப் படிவத்தை நிரப்பி, வங்கி ரசீதின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகார் ஏற்கப்படாது. விசாரணை முடியும்வரை அந்தத் தொகைக்குத் தாமத வட்டி போடமாட்டோம்; ஆட்சேபம் இல்லாத மீதியை மட்டும் வழக்கம்போல் செலுத்திவிடுங்கள். ஏழு வேலை நாளில் எழுத்தில் பதில் வரும். அதுவும் திருப்தி தராவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடும் உரிமை உங்களுக்கு உண்டு.

கூட்டு நிர்வாகக் குழு