ஒரு கன மீற்றர் செங்கல் கட்டு: விலைப் பகுப்பாய்வு

வேலை: களுவாஞ்சிக்குடி, இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளம். ஒரு செங்கல் தடிப்புச் சுவர், ஆங்கிலக் கட்டு, 1:5 சீமெந்துச் சாந்து, தரைமட்டத்திலிருந்து 3 மீற்றர் உயரம் வரை. ஒப்பந்தத்தில் சுவர்த் தடிப்பு 225 மி.மீ. என்று எழுதப்பட்டிருக்கிறது, அளந்து பணம் கொடுப்பதும் அந்தத் தடிப்புக்கே. மொத்தம் 40 கன மீற்றர். விலைகள் 2025 யூலை முதல் வாரத்தில் கேட்டு எடுத்தவை.

1. செங்கல்

புத்தகக் கணக்கு 220 × 105 × 65 மி.மீ. நியமக் கல்லுக்கு எழுதப்பட்டது. நமக்கு வரப்போகும் கல் அந்த அளவில் இல்லை. முதல் லொறியில் வெவ்வேறு இடங்களிலிருந்து 20 கல் எடுத்து, நீளவாக்கில் இடைவெளியின்றி அடுக்கி நாடா பிடித்தால் 4.20 மீற்றர் வருகிறது. அதே 20 கல்லை அகலவாக்கில் வைத்தால் 2.00 மீற்றர், தடிப்பு வாக்கில் 1.20 மீற்றர். ஆகவே சராசரி 210 × 100 × 60. ஒற்றைக் கல்லை எடுத்து அளந்தால் ஏமாறுவோம். கைக்கல்லில் ஒன்றுக்கொன்று 5 மி.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம்.

10 மி.மீ. சாந்து விட்டால் முகப்பில் ஒரு கல்லுக்கு 220 × 70 மி.மீ. இடம். பின்னால் இன்னொரு கல்.

சதுர மீற்றருக்கு: 2 ÷ (0.22 × 0.07) = 130 கல்
கன மீற்றருக்கு: 130 ÷ 0.225 = 577 கல்

நியமக் கல்லாயின் சதுர மீற்றருக்கு 116, கன மீற்றருக்கு 515. கல் மட்டுமே 62 கூடுகிறது. இதைக் கவனிக்காமல் 515 என்று விலை போட்டால், கல்லிலும் கூலியிலும் சேர்ந்து கன மீற்றருக்குச் சுமார் 3,100 ரூபா கையைக் கடிக்கும். மேந்தலைச் செலவும் இலாபமும் சேர்த்தால் 3,740 ரூபா. 40 கன மீற்றருக்கு ஒன்றரை இலட்சம்.

சேதாரம் 8 சதவீதம். இதில் ஏற்றி இறக்கும்போது உடைவது பாதி, மூலைக்கும் கதவு நிலைப் பக்கத்துக்கும் வெட்டுவது பாதி. லொறியிலிருந்து கையால் வாங்கி அடுக்கினால் உடைவு குறையும். ஆளில்லை என்று கொட்டிவிட்டால் 12 சதவீதம் போனாலும் ஆச்சரியமில்லை. எனவே கையால் இறக்கித் தரும் கூலியும் உள்ளடங்கிய விலையே கேட்கப்பட்டது: கல் ஒன்றுக்கு 28 ரூபா.

577 × 1.08 = 623 கல் × 28 = 17,444 ரூபா

2. சாந்து

சுவரின் உண்மையான தடிப்பு 210 மி.மீ., எனவே சதுர மீற்றர் சுவரில் உண்மையான கனவளவு 0.210 க.மீ. அதில் கல் 0.1636 போக மிச்சம் 0.0464. இதை 0.225 ஆல் பிரித்தால் கன மீற்றருக்கு 0.206 கன மீற்றர் சாந்து. கல்லின் முகம் சமமில்லாததற்கும் கீழே விழுவதற்கும் 15 சதவீதம் கூட்டினால் 0.237. உலர் கலவை நனைந்ததும் சுருங்குவதற்கு 1.30 ஆல் பெருக்கினால் 0.308.

சீமெந்து: 0.308 ÷ 6 = 0.0513 க.மீ. × 1,440 = 74 கிலோ, 1.48 மூடை. சேதாரம் 3 சதவீதத்துடன் 1.52 மூடை × 2,080 (இறக்கு கூலி உட்பட) = 3,162 ரூபா.

மணல்: 0.257 க.மீ. இது உலர் மணல். ஆற்றிலிருந்து வரும் ஈர மணல் சுமார் 20 சதவீதம் பொங்கியிருக்கும். அதோடு தரையில் கலந்தும் காற்றோடும் போவது 10 சதவீதம். ஆக 0.339 க.மீ. ஒரு கியூப் 2.83 க.மீ., எனவே 0.12 கியூப் × 18,000 = 2,160 ரூபா.

மணற்பொங்கலை விலையில் சேர்த்தால் மட்டும் போதாது, கலக்கும் இடத்திலும் சேர்க்க வேண்டும். ஒரு மூடைச் சீமெந்துக்கு 350 × 350 × 285 மி.மீ. பெட்டி. ஈர மணலென்றால் ஐந்து பெட்டியல்ல, ஆறு. ஐந்தே போட்டால் கலவை 1:4.2 ஆகிக் கன மீற்றர் கட்டுக்குச் சீமெந்து கால் மூடை, ஏறத்தாழ 500 ரூபா, வீணாகும். தாச்சியால் மனம்போல அள்ளுவதற்கு இந்த வேலையில் இடமில்லை.

மணலை வாங்குமுன் கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் உப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படியும் சேறு மணலின் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லொறி வேண்டாம். கடற்கரை மணல் மலிவு என்று கலந்தால் பூச்சுக்குப் பிறகு சுவரில் உப்புப் பூக்கும். அதைத் திருத்த ஆகும் செலவு மணலின் விலையைப் போலப் பல மடங்கு.

தண்ணீர், கிணற்று மோட்டர்ச் செலவு: 100 ரூபா

பொருள் மொத்தம்: 22,866 ரூபா

3. கூலி

ஒரு மேசன், கதவு யன்னல் உள்ள சுவரில், நாளொன்றுக்கு 450 கல் வைப்பார் என்று எடுக்கப்பட்டுள்ளது. நேர்ச்சுவரில் 600 வைப்பவரும் உண்டு. அதை வைத்து விலை போடக்கூடாது, தூக்குக்குண்டும் மட்டமும் பார்க்க நேரம் வேண்டும்.

மேசன்: 577 ÷ 450 = 1.28 நாள் × 4,000 = 5,120
உதவியாள், மேசனுக்கு ஒன்றரை பேர்: 1.92 நாள் × 2,800 = 5,376
காலை, பின்னேரத் தேநீர்: 3.2 ஆள்நாள் × 250 = 800
ஏழு நாள் தண்ணீர் விட: 0.15 நாள் × 2,800 = 420

கூலி மொத்தம்: 11,716 ரூபா

கல்லை நனைப்பது உதவியாளின் நேரத்தில் அடக்கம். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். மறுநாள் தட்டினால் கல் தனியாக வரும், அந்த வரியைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதேநேரம் தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் கல் வழுக்கும். நனைத்து, மேல் ஈரம் வடிந்தபின் எடுக்க வேண்டும்.

4. சாரமும் ஆயுதமும்

சாரம், 1.5 மீற்றருக்கு மேல்: 600
ஆயுதத் தேய்மானம், கூலியில் 3 சதவீதம்: 350

5. தொகுப்பு

நேரடிச் செலவு (22,866 + 11,716 + 950): 35,532
மேந்தலைச் செலவு 10 சதவீதம்: 3,553
கூட்டுத்தொகை: 39,085
இலாபம் 10 சதவீதம்: 3,909
மொத்தம்: 42,994

ஒரு கன மீற்றர் விலை: 43,000 ரூபா. வற் வரி சேர்க்கப்படவில்லை. வரிக்குப் பதிவு செய்தவர் 18 சதவீதம் சேர்க்கும்போது 50,740 ரூபா.

மேந்தலையில் மேற்பார்வையாளர், தொலைபேசி, காவல், பொருள் வைக்கும் கொட்டகை, காப்புறுதி ஆகியன அடங்கும். சேதாரத்தை இங்கே இரண்டாம் தடவை சேர்க்க வேண்டாம்; அது மேலே பொருளிலேயே வந்துவிட்டது.

6. இந்த விலை பொருந்தும் எல்லை

2025 செப்ரெம்பர் கடைசி வரை. மாரி தொடங்கியதும் சூளைகள் நிற்கும், ஆறு பெருகினால் மணல் எடுக்க முடியாது, கட்டிய சுவரைப் படங்கால் மூட வேண்டும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை வந்தால் உதவியாளுக்கு 2,800 ரூபாவில் ஆள் பிடிப்பது கடினம். மேல்தளத்துக்கு இந்த விலை பொருந்தாது. கல்லும் சாந்தும் மேலே தூக்க உதவியாள் கூடுதலாக 0.5 நாள் வேண்டும், அதாவது 1,400 ரூபா, அத்துடன் மேந்தலையும் இலாபமும். அதைத் தனி உருப்படியாக எழுதவும்.

கல்லின் அளவு அடுத்த லொறியில் மாறினால் 20 கல்லை மறுபடி அடுக்கி அளந்து, 130 என்ற எண்ணை மட்டும் மாற்றிக் கணக்கைத் திரும்பப் போடவும். சாந்து அளவில் பெரிய மாற்றம் வராது.