ஏழாம் வகுப்பு கணக்குப் பயிற்சித்தாள்: திருத்தமும் விளக்கமும்

தம்பி, 14க்கு 7½ வாங்கியிருக்கிறாய். கூட்டல், பெருக்கல், வகுத்தலில் உன் கை சுத்தம். எந்த எண்ணை எதால் வகுப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்யும் வரியில்தான் சறுக்கியிருக்கிறாய். நீ ஓரத்தில் போட்ட வழிக்கணக்கை ரப்பரால் அழிக்காமல் விட்டது நல்லதாயிற்று. தப்பு எங்கே நுழைந்தது என்பது அதில்தான் தெரிந்தது.

1. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை (1/2)
நீ எழுதியது: 15 + 31 + 14 = 60 நாள். மேயும் ஜூனும் சரி. ஏப்ரலுக்கு 30 − 15 = 15 என்று கழித்தாய். அப்படிக் கழிக்கும்போது 15ஆம் தேதியே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. ஆனால் அன்றைக்கே படகு கரையில்தானே நிற்கிறது? விரல் விட்டுப் பார்: 15, 16, 17, 18 என்று எண்ணினால் நாலு நாள். 18 − 15 போட்டால் மூன்றுதான் வரும். முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்தி என்றால், கழித்துவிட்டு ஒன்று கூட்டு. ஏப்ரலில் 16 நாள்; மொத்தம் 16 + 31 + 14 = 61.

2. புதிய பாம்பன் பாலம் 2.08 கி.மீ. மீட்டரில் எவ்வளவு? (0/2)
2.08 × 100 = 208 மீ என்று போட்டிருக்கிறாய். 100 என்பது மீட்டரை சென்டிமீட்டராக்கும் எண். கிலோமீட்டரை மீட்டராக்க 1000 வேண்டும்: 2 கி.மீ. 2000 மீ, 0.08 கி.மீ. 80 மீ, ஆக 2080 மீ. கப்பலுக்கு வழிவிட மேலே தூக்குகிற நடுப்பகுதி மட்டுமே 72.5 மீ நீளம். அதைப்போல மூன்றை வரிசையாக வைத்தாலே 217.5 மீ ஆகிவிடும். உன் பாலம் அதைவிடவும் குட்டை!

3. 40 கிலோ மீன் காய்ந்து 14 கிலோ கருவாடு. எடை எத்தனை சதவீதம் குறைந்தது? (1/2)
40 − 14 = 26, இதற்கு ஒரு மதிப்பெண். அடுத்து 26ஐ 14ஆல் வகுத்து 185.7% என்று முடித்தாய். இருந்ததே நூறு சதவீதம்தான். அதற்கு மேல் எப்படிக் குறையும்? விடை 100ஐத் தாண்டியதும் பேனாவை நிறுத்தியிருக்க வேண்டும். குறைவோ கூடுதலோ, தொடக்கத்தில் இருந்த எடைதான் கீழே வரும். 26/40 × 100 = 65%.

4. உப்பளப் பாத்தி, 12 மீ × 8 மீ (1½/2)
96 சரி. பரப்பளவுக்கு அலகு சதுர மீட்டர். நீ வெறும் ‘மீ’ என்று எழுதினாய். மீட்டரில் சொல்வதென்றால் அது சுற்றியுள்ள வரப்பின் நீளம், 40 மீ.

5. ஒரு கொட்டான் கருப்பட்டி 65 ரூபாய், 24 கொட்டான் என்ன விலை? (1½/2)
முறை சரி, எழுத்துதான் காலை வாரிவிட்டது. 24 × 60 = 1440 என்று சரியாகவே எழுதினாய். கடைசி 0வை மூடும்போது மேலே ஒரு வால் நீண்டுவிட்டது. கூட்டும்போது அதை 6 என்று படித்து 1446 + 120 = 1566 போட்டாய். விடை 1560 ரூபாய். இனி 0வைத் தொடங்கிய புள்ளியிலேயே முடி.

6. வள்ளம் 12 கி.மீ. போகும்போது எதிர்க்காற்றில் மணிக்கு 6 கி.மீ., திரும்பும்போது 12 கி.மீ. சராசரி வேகம்? (½/2)
(6 + 12) ÷ 2 = 9 என்று எழுதினாய். அலகு சரி என்பதால் அரை மதிப்பெண். இதில் பாதி வகுப்பே விழுந்திருக்கிறது, நீ மட்டுமில்லை. இரண்டு வேகத்திலும் ஒரே அளவு நேரம் ஓடியிருந்தால் 9 சரி. இங்கே ஒன்றாக இருப்பது தூரம். போக 12 ÷ 6 = 2 மணி நேரம், திரும்ப 12 ÷ 12 = 1 மணி நேரம். மெதுவான வேகத்தில்தான் அதிக நேரம் கழிந்தது, அதனால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. மொத்தத் தூரம் 24, மொத்த நேரம் 3. விடை மணிக்கு 8 கி.மீ.

இதே தூரத்துக்குப் போகும் வேகத்தை 4 என்று வைத்து நோட்டில் ஒருமுறை போடு. 6 வந்தால் பிடித்துவிட்டாய். 8 வந்தால் பழைய வழியிலேயே போயிருக்கிறாய். நோட்டை எடுத்துக்கொண்டு வா.

7. 12 நொடிக்கு ஒருமுறையும் 20 நொடிக்கு ஒருமுறையும் மின்னும் இரு விளக்குகள் (2/2)
மீச்சிறு பொது மடங்கு 60 நொடி. படிப்படியாக எழுதியிருக்கிறாய், திருத்த ஒன்றுமில்லை.

1, 3, 6 மூன்றையும் இந்தத் தாளைப் பார்க்காமல் போட்டுத் திங்கட்கிழமை கொண்டு வா.