பள்ளி வாசலில் தெருநாய்கள்: மாநகராட்சி ஆணையருக்கு மனு

அனுப்புநர்:
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
மாநகராட்சி நடுநிலைப்பள்ளி, 34ஆவது வார்டு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள், மாநகராட்சி அலுவலகம்.

நாள்: 09.12.2025

பொருள்: பள்ளியைச் சுற்றித் திரியும் தெருநாய்கள் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த 4ஆம் தேதி காலை, மணி அடித்துவிட்டதே என்று ஓடி வந்த இரண்டாம் வகுப்புச் சிறுமியை வாசலருகே மூன்று நாய்கள் துரத்தின. ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியது. சத்துணவு அமைப்பாளர் அவளைக் குழாயடியில் உட்காரவைத்து, கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு தவணை ஊசி போட்டாகிவிட்டது. குழந்தை இன்னும் பள்ளிக்கு வரவில்லை.

பெற்றோர்கள் காலையும் மாலையும் நின்று எண்ணியதில் பதினான்கு நாய்கள் உள்ளன; கருத்தடை செய்ததற்கான காது வெட்டு மூன்றுக்குத்தான் இருக்கிறது. நான்கு நாய்கள், இடிந்து கிடக்கும் பின்பக்கச் சுற்றுச்சுவர் வழியாக வளாகத்துக்குள் வந்து, சத்துணவுக் கூடத்தின் பின்னால் படுத்துக்கொள்கின்றன.

இவை இங்கே கூடுவதற்குக் காரணம் வாசலை ஒட்டிய குப்பைத்தொட்டிதான். அருகிலுள்ள இறைச்சிக் கடைகளின் கழிவு இரவில் அதில் கொட்டப்பட்டு, காலை பத்து மணி வரை அள்ளப்படாமல் கிடக்கிறது. இதைச் சரிசெய்யாமல் நாய்களை மட்டும் பிடித்தால், இரை இருக்கும் இடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேரும். ஆகவே தொட்டியை உடனே இடம் மாற்றி, இறைச்சிக் கழிவைக் கடைகளிலிருந்தே இரவில் தனியாகச் சேகரிக்க உத்தரவிட வேண்டுகிறோம். இதற்குத் தனிச் செலவு அதிகம் இராது என்று நம்புகிறோம்.

கல்வி நிலைய வளாகங்களுக்குள் இருக்கும் நாய்களை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 07.11.2025 அன்று உத்தரவிட்டுள்ளது. வளாகத்துக்குள் தங்கும் நான்குக்கும் அது பொருந்தும். தெருவில் உள்ள மற்றவற்றில் அடையாளம் இல்லாதவற்றை 2023ஆம் ஆண்டு விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி ஒரே சுற்றில் பிடித்து, கருத்தடை செய்து வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். அடையாளம் உள்ளவற்றுக்கும் தடுப்பூசியைப் புதுப்பிக்க வேண்டும். அரையாண்டு விடுமுறை இதற்கு ஏற்ற சமயம். சுவரையும் அதற்குள் கட்டி முடித்தால் பிள்ளைகள் திரும்பி வரும்போது வளாகம் பாதுகாப்பாக இருக்கும்.

வாசலில் நாய்களுக்குச் சோறு வைக்கும் இரு பெண்மணிகளிடம் பேசினோம். அவர்கள் அக்கறையோடு செய்வதை நாங்கள் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் புழங்காத ஓரிடத்தை மாநகராட்சி குறித்துக் கொடுத்தால் அங்கே மாறிக்கொள்வதாகவும், நாய்களைப் பிடிக்கும் நாளில் உடனிருந்து உதவுவதாகவும் ஒப்புக்கொண்டனர்.

அதுவரை, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அரை மணி நேரம் வாசலில் ஒரு பணியாளரை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். அவருடன் தினமும் இரண்டு பெற்றோர் நிற்பார்கள். சுகாதார அலுவலரும் கால்நடை மருத்துவரும் இவ்வாரமே நேரில் பார்வையிட நாள் குறித்துத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு

இணைப்பு: நாய்களின் புகைப்படப் பட்டியல், பெற்றோர் கையொப்பங்கள்.