காலப் பிழைகள் குறித்து ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள மிஸ்ரா அவர்களுக்கு,

வணக்கம். லக்னோவில் கழிந்த உங்கள் சிறுவயதைப் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். வேற்றுமை உருபுகளில் ஒரு பிழைகூட இல்லை. வினைச்சொற்களில் நான் போட்ட சிவப்புக் கோடுகளைக் கண்டு தயங்க வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை மூன்றே வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, "நேற்று வங்கிக்கு வந்தேன் இல்லை" என்பது போன்ற தொடர்கள். இந்தியில் இறந்தகால வினையோடு "நஹீ" சேர்ந்துவிடுவதால் உங்களுக்கு இது இயல்பாக வருகிறது. பழந்தமிழில் "அறிந்திலேன்" என்று காலம் காட்டிய எதிர்மறை உண்டு என்றாலும், இன்றைய வழக்கு "வரவில்லை" என்பதே. அச்சொல் காலத்தைக் காட்டாது. "நேற்று" என்னும் சொல்லே அந்த வேலையைச் செய்துவிடும். இன்னோரிடத்தில் நேற்றைய நிகழ்ச்சிக்கு "வரமாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இனி வருவதற்கான மறுப்பு.

இரண்டாவது வகைக்குத்தான் பொறுமை தேவை. "திறத்தேன்", "மறத்தேன்", "நடத்தேன்" என்று எழுதும்போது "படித்தேன்" என்பதையே எல்லாவற்றுக்கும் அச்சாகக் கொள்கிறீர்கள். நிகழ்காலத்தில் "க்கிற்" பெறும் வினைகளுள், படி, குடி, சமை என இகரத்திலோ ஐகாரத்திலோ முடிபவை இறந்தகாலத்தில் "த்த்" பெறுகின்றன. திற, மற, நட, பற என அகரத்தில் முடிபவையோ திறந்தேன், மறந்தேன், நடந்தேன், பறந்தேன் என்று "ந்த்" பெறுகின்றன. "இரு" போன்ற சில இந்த வரையறைக்கு வெளியே நிற்கும். அவற்றைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். "குவளையை உடைந்தேன்" என்பதையும் நிகழ்காலத்தைக் கொண்டே திருத்திக்கொள்ளலாம்: தானாக உடைகிறது என்றால் உடைந்தது, நான் உடைக்கிறேன் என்றால் உடைத்தேன். ஆகவே ஒரு வினையின் இறந்தகாலம் ஐயமாக இருந்தால், முதலில் அதன் நிகழ்காலத்தைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவதைப் பிழை என்று சொல்லவே எனக்கு மனமில்லை. "கோடை விடுமுறையில் கோமதி ஆற்றில் குளித்தோம்" என்பது இலக்கணப்படி சரியான தொடர்தான். ஆனால் ஒரே ஒரு விடுமுறையில் குளித்ததாகவும் அதைப் புரிந்துகொள்ள இடமுண்டு. ஆண்டுதோறும் நடந்த வழக்கத்தைச் சொல்ல இந்தியில் தனி வடிவம் இருக்கிறது. தமிழிலோ அதற்கு எதிர்கால வடிவமே பயன்படுகிறது. "சிறுவயதில் கோமதி ஆற்றில் குளிப்போம், மாலையில் பாட்டி கதை சொல்வார்" என்று எழுதினால், கடந்துபோன நாட்களின் வழக்கம் அது என்பது எவருக்கும் விளங்கும். முடிந்துபோனதை எதிர்காலத்தில் எழுதுவதா என்று முதலில் கூச்சமாக இருக்கும். எழுதி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கூச்சம் போய்விடும்.

கட்டுரை முழுவதையும் திருப்பி எழுத வேண்டாம். ஆற்றங்கரையைப் பற்றிய இரண்டாம் பத்தியை மட்டும் வழக்கத்தைக் காட்டும் வடிவில் மாற்றி எழுதி, சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் பாட்டி பட்டம் ஒட்டிக் கொடுத்த அந்த ஒரு நாளைப் பற்றிய வரிகள் மட்டும் இறந்தகாலத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
சாரதா